கொப்பி, நோட்டுப் புத்தகம், டயறி: இணையக் கடைக்கு விபரம் எழுதும் முறை, படிப்படியாக

திருகோணமலைக் கடைகளில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வாங்க வருபவர் முதலில் அதை விரித்துப் பார்ப்பார். தாளை இரண்டு விரலால் தேய்ப்பார். துணிந்தவர் என்றால் தன் பேனையை எடுத்துக் கடைசிப் பக்கத்தின் மூலையில் ஒரு கிறுக்குக் கிறுக்கிப் பார்ப்பார். மூதூரிலோ கிண்ணியாவிலோ இருந்து கைபேசியில் பார்த்து ஓடர் போடுபவருக்கு இந்த மூன்றும் இல்லை. அவருக்காக அந்த மூன்றையும் நாமே செய்து, கண்டதை எழுதிக் கொடுப்பதுதான் விபரம்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் மொத்த வியாபாரி தந்த லேபலைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். "80 ஜி.எஸ்.எம்., 200 பக்கம், உயர்தரத் தாள்." வாங்கியவர் ஊற்றுப்பேனையால் எழுதிப் பார்த்துவிட்டு, "மற்றப் பக்கம் எழுத ஏலாமல் கிடக்கு" என்று திருப்பி அனுப்புகிறார். லேபலில் பொய் இல்லாவிட்டாலும் இது நடக்கும். ஏனென்றால் தாளின் எடை ஒன்று, மையைத் தாங்கும் குணம் வேறொன்று.

கீழே உள்ள ஒழுங்கை மாற்றாமல் செய்யுங்கள். சில படிகளில் மாதிரிப் புத்தகம் பிரிக்கப்படும். பிரித்த பிறகு அதன் கட்டைச் சோதிக்க முடியாது, மை பட்ட தாளை நிறுக்கவும் கூடாது.

முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

மில்லிமீற்றர் தெளிவாகத் தெரியும் 30 செ.மீ. உலோக அடிமட்டம் ஒன்று. பிளாஸ்ரிக் அடிமட்டத்தில் பூச்சியம் விளிம்பிலிருந்து தள்ளித் தொடங்கும். அதை மறந்து அளப்பவர்கள் நிறையப் பேர். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை இலத்திரனியல் தராசு. கூர்மையான பிளேட். நேரம் பார்க்க கைபேசி.

பேனைகள்: சாதாரண நீல போல்பொயின்ற் ஒன்று, 0.5 ஜெல் ஒன்று, நடுத்தர முனையுள்ள ஊற்றுப்பேனை ஒன்று, ஹைலைற்றர் ஒன்று. கணக்குப் புத்தகம் அல்லது சீ.ஆர். புத்தகம் என்றால் ஒரு றபர் முத்திரையும் அதன் மைப் பெட்டியும் வேண்டும். பேனைகளை ஒரு பெட்டியில் போட்டு, சோதனைக்கு மட்டும் வைத்திருங்கள். ஒவ்வொரு முறையும் கைக்கு அகப்பட்ட பேனையால் எழுதினால், இன்றைய கொப்பியையும் போன மாதக் கொப்பியையும் ஒப்பிட வழியில்லாமல் போகும்.

1. மாதிரி ஒன்றை ஒதுக்கி, ஒரு நாள் காற்றாட விடுங்கள்

ஒவ்வொரு வகையிலும் ஒரு பிரதி செலவாகும் என்று முதலாளியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மட்டை நசுங்கியதை எடுக்கலாம். நனைந்து காய்ந்ததை எடுக்கக் கூடாது. தாளை ஆக்கும்போது மை ஊறாமலிருக்கப் பசைபோல் ஒன்று சேர்ப்பார்கள். ஈரம் பட்டால் அதன் வேலை கெடும், தாளும் நெளியும். அப்படியான பிரதியில் செய்த மைச் சோதனை எதற்கும் உதவாது.

எடுத்த பிரதியைப் பொலித்தீன் உறையிலிருந்து கழற்றி, விசிறி போல் விரித்து, வெயில் படாத அறையில் ஒரு நாள் நிறுத்தி வையுங்கள். தாள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், திரும்ப வெளியேயும் விடும். ஆய்வுகூடங்களில் தாளை அளப்பதற்கு முன் 23 பாகை செல்சியஸ், 50 வீத ஈரப்பதம் உள்ள அறையில் வைப்பார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. மாரியில், வாடைக்காற்றோடு மழை பெய்யும் கார்த்திகை மார்கழியில், இங்கே ஒரே தாள் நூற்றுக்கு மூன்று நான்கு வீதம் கூடுதலாக நிறுக்கக் கூடும். மையும் மெதுவாகக் காயும். அதனால் சோதனைக் குறிப்பின் தலையில் திகதியையும், மழை நாளா சோளகக் காற்று அடிக்கும் வறண்ட நாளா என்பதையும் எழுதுங்கள். அறையில் குளிரூட்டி ஓடுமானால் அதையும் எழுதுங்கள்.

2. அளவும் பக்கங்களும்

"ஏ5" என்று லேபலில் இருந்தாலும் அளந்து பாருங்கள். ஏ5 என்பது 14.8 க்கு 21 செ.மீ. கட்டி முடித்த பிறகு மூன்று பக்கமும் வெட்டி ஒழுங்காக்குவதால் உள்ளே இருக்கும் தாள் பெரும்பாலும் இதைவிடச் சிறியது. கெட்டி மட்டையோ தாளைவிடப் பெரியது. மட்டையின் அளவு வேறு, தாளின் அளவு வேறு, இரண்டையும் குறியுங்கள். தாளின் அளவு எடைக் கணக்குக்குத் தேவை. மட்டையின் அளவு, "என்ர பைக்குள்ள அடங்குமா?" என்று கேட்பவருக்குத் தேவை.

பக்கங்களை எண்ணுங்கள். முழுவதும் எண்ணப் பொறுமை இல்லாவிட்டால் கட்டை வைத்துச் சரிபார்க்கலாம். நடுவில் கம்பி அடித்த கொப்பியில் ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம். ஆகவே மொத்தம் நான்கால் வகுபட வேண்டும். 80 பக்கக் கொப்பி என்றால் மடித்த தாள் 20. நூலால் தைத்த புத்தகத்தில் தாள்கள் சிறு சிறு கட்டுகளாக மடிக்கப்பட்டிருக்கும். முதுகின் மேல் முனையைப் பார்த்தால் அந்தக் கட்டுகள் தெரியும். ஒரு கட்டில் எத்தனை பக்கம் என்று எண்ணி, கட்டுகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள்.

நான் எடுத்துக்காட்டாகக் கடைசி வரை கொண்டு போகப் போவது ஒரு கெட்டி மட்டை நோட்டுப் புத்தகம். லேபலில் "ஏ5, 200 பக்கம், 80 ஜி.எஸ்.எம்." என்று இருந்தது. எண்ணினால் 16 பக்கக் கட்டு 12. அதாவது 192 பக்கம். மீதி எட்டுப் பக்கம் எங்கே? முன்னும் பின்னும் மட்டையோடு சேர்த்து வைத்த, கோடு போடாத தடித்த தாள்கள். அவற்றில் பாதி மட்டையோடே ஒட்டப்பட்டிருந்தது. அதையும் பக்கமாகக் கணக்குப் பண்ணியிருக்கிறார்கள். நாம் எழுத வேண்டியது "கோடு போட்ட, எழுதக்கூடிய பக்கம் 192".

பக்கமா, தாளா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். பாடசாலைக் கொப்பியில் எல்லோரும் பக்கக் கணக்கே சொல்வோம். வெளிநாட்டு நோட்டுப் புத்தகங்களில் சிலவேளை தாளின் எண்ணிக்கை இருக்கும். அதை மாற்றாமல் எழுதினால் வாங்குபவர் பாதிப் புத்தகம் என்று நினைத்துவிடுவார்.

3. கட்டு: பிரிக்கும் முன் பார்க்க வேண்டியது

வாங்குபவருக்குக் கட்டின் பெயரைவிட அது எப்படி விரியும் என்பதே முக்கியம். புத்தகத்தை மேசையில் வைத்து மூன்று இடத்தில் விரியுங்கள்: முதல் பத்துப் பக்கத்துக்குள், நடுவில், கடைசிப் பத்துப் பக்கத்துக்குள். கையை எடுத்த பிறகு தானாக விரிந்து கிடக்கிறதா, மூடுகிறதா, ஒரு பக்கம் மேடாக நிற்கிறதா? நடுவில் மட்டும் விரித்துப் பார்த்து "தட்டையாக விரியும்" என்று எழுதுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை. எந்தப் புத்தகமும் நடுவில் ஓரளவு விரியும்.

இப்போது மடிப்பின் உள்ளே பாருங்கள். சில பக்கங்களுக்கு ஒரு முறை மடிப்பில் நூல் தெரிந்தால் அது தையல் கட்டு. எங்கேயும் நூல் இல்லை, ஒவ்வொரு தாளும் தனித்தனியாக முதுகில் ஒட்டியிருந்தால் அது பசைக் கட்டு. பசைக் கட்டை அகல விரித்து அமத்தினால் முதுகில் வெடிப்பு விழும். கொஞ்ச நாளில் தாள் கழன்று கையோடு வரும். மாதிரியில் நான்கைந்து முறை அகல விரித்து, ஒரு தாளை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கழன்றால் கழன்றது என்றே எழுத வேண்டும்.

சீ.ஆர். புத்தகங்களில் சில, பக்கவாட்டில் கம்பியோ நூலோ குத்திக் கட்டியவை. பலமாக இருக்கும், தாள் கழராது. ஆனால் மடிப்பின் ஓரம் ஒன்றரை இரண்டு சென்ரிமீற்றர் உள்ளே போய்விடும். விரித்து வைக்கக் கையால் அமத்திப் பிடிக்க வேண்டும். வரவு செலவு எழுதுபவருக்கு அந்த ஓரம் முக்கியம். மடிப்பிலிருந்து எழுதக்கூடிய இடம் எங்கே தொடங்குகிறது என்று அடிமட்டத்தால் அளந்து போடுங்கள்.

கடலோர ஊருக்கென்று இங்கே ஒரு பார்வை தேவை: கம்பி. உப்புக் காற்றில் சாதாரண இரும்புக் கம்பி துருப் பிடிக்கும், அந்தக் கபில நிறம் நடுத் தாளில் இறங்கும். சுருள் கம்பிக் கட்டென்றால் கம்பி பிளாஸ்ரிக் பூச்சு உள்ளதா, வெறும் உலோகமா என்று பாருங்கள். நகத்தால் சுரண்டினால் பூச்சு தெரியும். நிலாவெளிப் பக்கம் விடுதி வைத்திருப்பவர்கள் விருந்தினர் பதிவுக்கு வருடக்கணக்கில் ஒரே புத்தகத்தை வைத்திருப்பார்கள். அவர்கள் இதைக் கேட்டே வாங்குகிறார்கள்.

4. கோடு

இரண்டு கோட்டுக்கு இடையிலுள்ள தூரத்தை நேரே அளந்தால் அரை மில்லிமீற்றர் பிழைக்கும். முதல் கோட்டிலிருந்து பதினோராம் கோடு வரை அளந்து பத்தால் வகுங்கள். பதினொரு கோட்டுக்கு நடுவே பத்து இடைவெளி என்பதைக் கவனியுங்கள். பத்தாம் கோடு வரை அளந்து பத்தால் வகுப்பவர்கள் இருக்கிறார்கள். நம் நோட்டுப் புத்தகத்தில் அது 70 மி.மீ. வந்தது. ஆகவே இடைவெளி 7 மி.மீ.

7 மி.மீ. என்று மட்டும் எழுதினால் பலருக்குப் பிடிபடாது. தமிழில் எழுதுபவருக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள். நம் எழுத்துக்கு மேலேயும் இடம் வேண்டும், கீழேயும் இடம் வேண்டும். 'கீ', 'ர்' மேலே ஏறும். 'து', 'மூ', 'ழு' கீழே இறங்கும். மேல் வரியின் 'ழு'வும் கீழ் வரியின் 'ர்' புள்ளியும் முட்டிக் கொள்கிறதா என்பதே சோதனை. 8 மி.மீ. இடைவெளியில் சாதாரணக் கைக்குத் தாராளமாக இருக்கும். 7 இல் சிறிதாக எழுதுபவருக்குச் சரி. 6 இல் மெல்லிய முனைப் பேனை இருந்தால்தான் வாசிக்கலாம். இது நானும் கடையில் வேலை செய்யும் பிள்ளைகளும் எழுதிப் பார்த்து வந்த முடிவு; உங்கள் கடையில் இரண்டு மூன்று பேரின் கையெழுத்தில் நீங்களும் பாருங்கள்.

பிறகு, மேல் விளிம்பிலிருந்து முதல் கோடு எவ்வளவு தூரம், ஒரு பக்கத்தில் எத்தனை வரி, இடது ஓரக் கோடு உண்டா இல்லையா என்று குறியுங்கள். நம் புத்தகத்தில் மேலே 22 மி.மீ., வரி 26, ஓரக் கோடு இல்லை. ஒரு தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து முன்பக்கக் கோடும் பின்பக்கக் கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றனவா என்றும் பாருங்கள். விலகியிருந்தால், மெல்லிய தாளில் பின்பக்கக் கோடு வரிகளுக்கு நடுவே நிழலாகத் தெரிந்து கண்ணைக் குழப்பும்.

கோட்டின் நிறம் எவ்வளவு அழுத்தம் என்பதும் ஒரு விபரமே. சாம்பல் நிற மெல்லிய கோட்டில் பென்சிலால் எழுதலாம். அடர் நீலக் கோட்டில் பென்சில் எழுத்து அமுங்கிவிடும். பாடசாலைக் கொப்பிக்கு ஒற்றைக் கோடா, இரட்டைக் கோடா, சதுரக் கோடா என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள். விபரத்தின் நடுவில் ஒளித்து வைத்தால் கணிதக் கொப்பி கேட்ட பெற்றோருக்கு ஒற்றைக் கோட்டுக் கொப்பி போய்ச் சேரும்.

5. தாளின் எடை

ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீற்றர் தாளின் எடை, கிராமில். ஏ4 தாள் 16 ஐப் பரப்பினால் ஒரு சதுர மீற்றர். ஆகவே வெட்டாத ஏ4 தாள் என்றால் கணக்கே வேண்டாம்: 16 தாளைத் தராசில் வையுங்கள், காட்டும் கிராமே ஜி.எஸ்.எம்.

மற்ற அளவுகளுக்குப் பெருக்க வேண்டும். மாதிரிப் புத்தகத்திலிருந்து 20 தாளை மடிப்போரம் பிளேட்டால் வெட்டி எடுங்கள். நம் புத்தகத்தின் தாள் அளவு 14.4 க்கு 20.6 செ.மீ. மீற்றரில் 0.144 ஐ 0.206 ஆல் பெருக்கினால் ஒரு தாள் 0.02966 சதுர மீற்றர். 20 தாள் 0.593. தராசு 42 கிராம் காட்டியது. 42 ஐ 0.593 ஆல் வகுத்தால் 70.8.

லேபல் சொன்ன 80 ஆக இருந்தால் 47 அல்லது 48 கிராம் காட்டியிருக்க வேண்டும். ஐந்து கிராம் வித்தியாசம் சமையலறைத் தராசுக்கும் தெரியும். ஈரத்தின் மேல் பழி போடவும் முடியாது. ஈரம் எடையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. ஆகவே நாம் "சுமார் 70 ஜி.எஸ்.எம். (கடையில் நிறுத்தது)" என்று எழுதுகிறோம். தசமப் புள்ளி போடாதீர்கள். ஒரு கிராம் வரை மட்டும் காட்டும் தராசில் 70.8 என்பது வெறும் அலங்காரம்.

ஒரே ஒரு தாளை நிறுப்பது வீண் வேலை. இரண்டு கிராம் தாளில் தராசின் பிழையே பாதியாக வந்துவிடும். முழுப் புத்தகத்தையும் நிறுத்து, மட்டைக்கு ஒரு குத்துமதிப்பைக் கழிப்பதும் கூடாது; கெட்டி மட்டை அவ்வளவு பாரம்.

விரலுக்குத் தடிப்பாகத் தெரிவதை வைத்தும் எடையை ஊகிக்காதீர்கள். காற்று நிறைந்த மொறமொறத் தாள் 60 இலும் தடிப்பாக இருக்கும். நன்றாக அமத்தி வழுவழுப்பாக்கியது 80 இலும் மெல்லியதாக இருக்கும்.

6. மை: நேரம் செலவழிக்க வேண்டிய படி

வாங்குபவர்கள் எல்லாக் குறையையும் "மை ஊறுது" என்றே சொல்வார்கள். விபரம் எழுதும் நாம் மூன்றாகப் பிரிக்க வேண்டும், ஏனென்றால் மூன்றுக்கும் காரணம் வேறு.

ஒன்று, படர்தல். கோட்டின் விளிம்பிலிருந்து மை சிறு வேர்கள் போலத் தாளின் நார் வழியே ஓடும். தாளில் சேர்த்த பசைப் பொருள் போதாமைதான் இதற்குக் காரணம். இரண்டு, ஊடுருவல். மையே பின்பக்கம் வந்து புள்ளியாக, கோடாக நிற்கும். அதே காரணத்தோடு மையின் அளவும் இதில் சேரும். மூன்று, நிழல். மை பின்பக்கம் வரவில்லை, ஆனால் தாள் வழியாக எழுத்துத் தெரிகிறது. இது தாள் எவ்வளவு ஒளியை விடுகிறது என்பதைப் பொறுத்தது. எடை கூடினால் பெரும்பாலும் குறையும்.

இதைப் பிரித்துப் பார்க்காமல் "80 ஜி.எஸ்.எம்., ஆகவே மை ஊறாது" என்று எழுதுவது தவறு. டோமோயே ரிவர் என்ற ஜப்பானியத் தாளின் ஒரு வகை 52 ஜி.எஸ்.எம். மட்டுமே. ஊற்றுப்பேனை மையை அது பெரும்பாலும் படரவும் விடாது, ஊடுருவவும் விடாது. நிழல் மட்டும் நன்றாகத் தெரியும். மறுபக்கம், 80 எடையுள்ள சாதாரணப் போட்டோப்பிரதித் தாள் பலவற்றில் ஊற்றுப்பேனை மை மயிர் மயிராய் ஓடும்.

சோதனை இப்படி. புதிய, வெட்டாத பக்கம் ஒன்றைப் புத்தகத்திலேயே எடுங்கள். தனித் தாளை மேசையில் வைத்து எழுதினால் போல்பொயின்ற் பேனையின் அழுத்தத் தடம் சரியாகத் தெரியாது. கையை முதலில் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் பட்ட விரல் தொட்ட இடத்தில் மை ஒட்டாமல் விட்டு விட்டு விழும், அதைத் தாளின் குறை என்று எழுதிவிடுவீர்கள்.

ஒவ்வொரு பேனையாலும் ஒரே வரியை எழுதுங்கள். நான் எழுதுவது: "இஞ்சி ஊறுகாய் அறுநூறு ரூபாய்". விலையில் ஒன்றும் இல்லை. 'ஞ்', 'ஊ', 'று', 'நூ' எல்லாவற்றிலும் சின்னச் சுழிகள் உண்டு. மை படரும் தாளில் முதலில் அடைபடுவது இந்தச் சுழிகள்தான். 'ஞ' வின் உள்ளே வெள்ளை தெரியாவிட்டால் அந்தப் பேனைக்கு அந்தத் தாள் பொருந்தாது. கைபேசியில் கிட்டப் படம் எடுத்துப் பெருப்பித்தால் விளிம்பிலுள்ள வேர்கள் தெளிவாகத் தெரியும்.

அந்த வரிக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாக ஒரு சிறு கட்டம் கீறுங்கள். பக்கத்தில், பேனை முனையை ஐந்து வினாடி அசையாமல் வைத்து ஒரு புள்ளி போடுங்கள். எழுதும்போது யோசித்து நிற்பவரின் பேனை இப்படித்தான் நிற்கும். பின்பக்கம் வரும் மை முதலில் இங்கேதான் வரும்.

அடுத்து காயும் நேரம். நான்கு சிறு கோடு கீறி, 5, 10, 20, 30 வினாடியில் ஒவ்வொன்றாகச் சுத்தமான விரலால் இழுத்துப் பாருங்கள். எதில் முதலில் தீற்றல் விழாமல் போகிறதோ அதுவே காயும் நேரம். இடதுகையால் எழுதுபவர்கள் இந்த ஒரு வரியைத்தான் தேடுவார்கள். மை ஊறாத தாளில் மை மேலேயே நிற்பதால் காய அதிக நேரம் எடுக்கும். மழை நாளில் இன்னும் கூடும். ஆகவே "மையைத் தாங்கும்" என்று எழுதும்போதே காயும் நேரத்தையும் சேர்த்து எழுதுவது நேர்மை.

ஜெல், ஊற்றுப்பேனை எழுத்தின்மேல் ஹைலைற்றரை இழுப்பது இரண்டு நிமிடம் கழித்து. கணக்குப் புத்தகத்தில் முத்திரையைக் குத்தி, அடுத்த நாள் பின்பக்கம் பாருங்கள். சில முத்திரை மைகளில் எண்ணெய் உண்டு. அது மெதுவாகப் பரவும், உடனே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் அதே வரியை எழுதுங்கள். தாளின் இரண்டு முகமும் ஒரே மாதிரி இருக்காது. ஆக்கும்போது வலைமேல் கிடந்த முகம் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். முன்னுக்கு நல்ல முடிவு வந்துவிட்டால் பின்னைப் பார்க்காமல் விடுவது புதியவர்களின் பழக்கம். புத்தகத்தின் முதல் கட்டிலும் கடைசிக் கட்டிலும் ஒவ்வொரு பக்கம் சோதியுங்கள். இரண்டு வகைத் தாளைக் கலந்து கட்டிய புத்தகங்களும் சந்தைக்கு வருகின்றன.

நம் புத்தகத்தில் வந்த முடிவு: போல்பொயின்ற் சுத்தம், ஆனால் அமத்தி எழுதினால் பின்பக்கம் தடவத் தடம் தெரியும். ஜெல் படரவில்லை, 10 வினாடிக்குள் காய்ந்தது, பின்னால் இலேசான நிழல். ஊற்றுப்பேனையில் 'ஞ' அடைபட்டது, ஐந்து வினாடிப் புள்ளி பின்பக்கம் முழுதாக வந்தது. ஹைலைற்றரால் ஜெல் எழுத்து இலேசாகக் கலங்கியது.

7. எழுதுதல்

இப்போதுதான் எழுத உட்கார வேண்டும். வாங்குபவர் தன் பேனையை நினைத்துக் கொண்டு வாசிப்பார், ஆகவே மைப் பகுதியில் பேனையின் வகையைச் சொல்லாமல் ஒரு வரியும் இருக்கக் கூடாது. "உயர்தரம்", "மிருதுவான", "பிரீமியம்" மூன்றையும் நான் முழுவதுமாக வெட்டிவிடுவேன். அளந்தது இருக்கும்போது அவை இடத்தை அடைக்கும், அவ்வளவுதான்.

நம் புத்தகத்துக்கு இப்படி முடிந்தது:

"கெட்டி மட்டை நோட்டுப் புத்தகம், ஒற்றைக் கோடு, 192 பக்கம். தாளின் அளவு 14.4 க்கு 20.6 செ.மீ. (ஏ5 ஐ விடச் சற்றுச் சிறியது). கோடுகளின் இடைவெளி 7 மி.மீ., பக்கத்துக்கு 26 வரி, ஓரக் கோடு இல்லை. நூலால் தைத்த கட்டு; நடுப் பக்கங்கள் தட்டையாக விரியும், முதல், கடைசிப் பத்துப் பக்கங்களைக் கையால் பிடிக்க வேண்டும். தாள் சுமார் 70 ஜி.எஸ்.எம். (கடையில் நிறுத்தது), இள மஞ்சள் சாயல். போல்பொயின்ற், 0.5 ஜெல் பேனைகளால் இரு பக்கமும் எழுதலாம். ஜெல் 10 வினாடிக்குள் காயும், பின்னால் இலேசாக நிழல் தெரியும். ஊற்றுப்பேனைக்கு ஏற்றதல்ல: மை படரும், பின்பக்கம் வரும்."

கடைசி வரியைப் பார்த்து முதலாளி முகம் சுளிக்கக் கூடும். "இப்பிடி எழுதினா ஆர் வாங்குவினம்?" என்பார். ஊற்றுப்பேனைக்காரர் வாங்க மாட்டார், உண்மை. அவர் வாங்கித் திருப்பி அனுப்பினால் பொதிச் செலவு இரண்டு முறை, முதல் பக்கம் எழுதிய புத்தகம் திரும்பவும் விற்காது. இந்தக் கணக்கைக் காட்டினால் பெரும்பாலும் விட்டுவிடுவார்.

படம் மூன்று போதும்: விரித்த புத்தகம் அடிமட்டத்தோடு, சோதனைப் பக்கத்தின் முன்புறம், அதே பக்கத்தின் பின்புறம். யன்னலோரப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். கைபேசியின் பிளாஷ் நிழலை மறைத்துவிடும், மஞ்சள் தாளையும் வெள்ளையாக்கிவிடும்.

8. டயறிக்கு மட்டும் கூடுதலாக

மேலே சொன்ன எல்லாம் டயறிக்கும் உண்டு. கூடுதலாக, ஒரு நாளுக்கு ஒரு பக்கமா என்று பாருங்கள், அதுவும் சனி ஞாயிறு வரை பார்த்து. பல டயறிகளில் அந்த இரண்டு நாளும் ஒரே பக்கத்தைப் பங்கு போடும். கோயில் கணக்கோ கடைக் கணக்கோ எழுதுபவருக்குச் சனிக்கிழமையும் முழு நாள்தான். நேரம் அச்சிட்டிருந்தால் எத்தனை மணி தொடங்கி எத்தனை மணி வரை என்று எழுதுங்கள்.

போயா நாட்களும் அரச விடுமுறைகளும் குறிக்கப்பட்டுள்ளனவா, திகதிகள் தமிழிலும் உண்டா என்பதையும் சேருங்கள். இந்தியாவில் அச்சிட்ட டயறியில் நம் விடுமுறைகள் இருக்காது. அதை வாங்கிய பிறகு கண்டுபிடிப்பவருக்குக் கோபம் வருவது நியாயம். தடிப்பைக் குறைக்க டயறிகளில் மெல்லிய தாள் போடுவது வழக்கம், ஆகவே நிழல் சோதனையை இங்கே கூடுதல் கவனத்தோடு செய்யுங்கள்.

9. புதிய சரக்கு வந்தால்

அதே மட்டை, அதே பெயர், அதே விலை என்றாலும் உள்ளே இருக்கும் தாள் மாறக் கூடும். அச்சகம் அந்த மாதம் எந்தத் தாள் கிடைத்ததோ அதில் அடித்திருக்கும். ஒவ்வொரு புதிய சரக்கிலும் ஒரு பிரதியை எடுத்து மூன்றை மட்டும் திரும்பப் பாருங்கள்: 20 தாள் எடை, பத்து இடைவெளியின் அளவு, இஞ்சி ஊறுகாய் வரி. மூன்றும் பழைய குறிப்போடு ஒத்தால் விபரத்தைத் தொட வேண்டாம். ஒன்று விலகினாலும் ஆறாம் படியை முழுதாகச் செய்யுங்கள்.

பழைய சோதனைத் தாளைத் திகதி எழுதி ஒரு கோப்பில் போட்டு வையுங்கள், அலுமாரியின் மேல் தட்டில், கீழ்த் தட்டில் அல்ல. மாரியில் கீழ்த் தட்டுக்கு ஈரம் ஏறும். "போன முறை வாங்கினது இப்பிடி இல்லையே" என்று ஒருவர் பேசினால், இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பிவிடலாம்.